காந்தத் தயக்கக் கண்ணியைத் திரையில் வரைவது எப்படி?

ஓர் உலோகம் வன்காந்தப் பொருளா, மென்காந்தப் பொருளா என்பதை அது எவ்வளவு பலமாகக் காந்தமாகிறது என்பதை வைத்துத் தீர்மானிக்க முடியாது. தூய இரும்பு சுமார் 2.15 டெஸ்லாவரை ஏறும். ஆனால் அது மென்காந்தம். நியோடிமியம் காந்தத்தில் தேங்கி நிற்பது 1.2 முதல் 1.4 டெஸ்லாதான், அதுவோ வன்காந்தம். வேறுபாடு, ஏறிய காந்தத்தன்மையை இறக்க எவ்வளவு எதிர்ப்புலம் தேவை என்பதில் இருக்கிறது. பொருளுக்குள் அணுக்காந்தங்கள் ஒரே திசையில் நிற்கும் சிறு பகுதிகளே டொமைன்கள். அவற்றின் எல்லைச்சுவர்கள் தடையின்றி நகர்ந்தால் மென்காந்தம். மாசுகளிலும் படிகக் குறைகளிலும் மாட்டிக்கொண்டால் தயக்கக் கண்ணி அகலும்.

அந்த அகலத்தை அளக்கலாம். பரப்பு 1 சதுர செ.மீ., சராசரிச் சுற்றளவு 20 செ.மீ. உள்ள சிலிக்கான் எஃகு வளையத்தில் முதன்மைச் சுருளாக 200 சுற்றும், துணைச்சுருளாக 100 சுற்றும் சுற்றுங்கள். மின்சாரத்தை வீட்டு இணைப்பிலிருந்து நேரடியாக எடுக்கவே கூடாது. டிம்மர்ஸ்டாட்டுக்குப் பின் 12 வோல்ட் மின்மாற்றி வைத்து, முதன்மைச் சுருளோடு 1 ஓம் மின்தடையைத் தொடராக இணையுங்கள். அந்த மின்தடையின் மின்னழுத்தம் ஆசிலோஸ்கோப்பின் X-க்கு. துணைச்சுருளை 100 கிலோஓம், 1 மைக்ரோஃபாரட் தொடருடன் இணைத்து, மின்தேக்கியின் மின்னழுத்தத்தை Y-க்குக் கொடுங்கள். மின்னோட்டத்தை மெல்லக் கூட்டினால், முதலில் ஒடுங்கிய நீள்வட்டமாக இருப்பது முனைகளில் வளைந்து படுக்கும். வளையாவிட்டால் இன்னும் பூரிதமாகவில்லை. படம் சாய்ந்து தலைகீழாக வந்தால் துணைச்சுருளின் முனைகளை மாற்றுங்கள். முனைகளில் கோடுகள் ஒன்றையொன்று வெட்டினால் மின்தடையோ மின்தேக்கியோ போதாது.

Y சுழியாகும் இடத்தில் X 0.05 வோல்ட் காட்டினால் மின்னோட்டம் 0.05 ஆம்பியர். அதை 200-ஆல் பெருக்கி 0.2 மீட்டரால் வகுத்தால், காந்த நீக்குத்திறன் மீட்டருக்கு 50 ஆம்பியர். பொதுவாக 1,000-க்குக் கீழே மென்காந்தம், 10,000-க்கு மேலே வன்காந்தம் என்பார்கள்.

இந்த அகலம் முழுவதும் டொமைன் தயக்கம்தானா என்று கேட்கலாம், நியாயமான கேள்வி. 50 ஹெர்ட்ஸில் சுழல் மின்னோட்டமும் கண்ணியை அகட்டும். அலைவெண் மாற்றக்கூடிய மின்மூலம் கிடைத்தால் 25 ஹெர்ட்ஸில் அதே உச்சப் புலத்துக்குத் திரும்ப வரையுங்கள். ஒடுங்கும் பங்கு சுழல் மின்னோட்டத்தின் கணக்கு. கடினமான உலோகம்தானே வன்காந்தமாகும் என்பது இன்னொரு வாதம். கடினப்படுத்திய எஃகுக்கு அது பொருந்தும். படிகமற்ற இரும்புக் கலவை நாடாவோ மிகவும் கடினமானது, ஆனால் அதில் சுவர்களை மாட்டிவைக்கப் படிகமணி எல்லைகளே இல்லை. காந்த அளவில் அது சிலிக்கான் எஃகைவிட மென்மையானது.

இதே சுருளில் நியோடிமியத்தை அளக்க முயலாதீர்கள்: மீட்டருக்கு சுமார் 9 லட்சம் ஆம்பியரைத் தொட இந்த 200 சுற்றில் 900 ஆம்பியர் ஓட வேண்டும்.