யாரும் செய்யாத வேலைக்கு நாள் கணக்கு

ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் உறுப்பினர் விவரங்கள் ஃபாக்ஸ்ப்ரோவில் கிடக்கின்றன. பெயர்கள் பழைய தமிழ் எழுத்துருக்களில் அடிக்கப்பட்டவை. எல்லாவற்றையும் யூனிகோடுக்கு மாற்றிப் புதிய தரவுத்தளத்தில் ஏற்ற வேண்டும். குழுவில் ஒருவரும் இதைச் செய்ததில்லை என்று வைத்துக்கொள்வோம். எத்தனை நாள் ஆகும்?

இதற்கு டெல்ஃபி முறை கைகொடுக்கும். அமெரிக்காவின் ராண்ட் நிறுவனத்தில் பிறந்த இந்த முறையைப் பின்னாளில் பாரி போம் மென்பொருள் வேலைக்கு ஏற்றபடி மாற்றி, சுற்றுகளுக்கு நடுவே கலந்துரையாடலைச் சேர்த்தார்.

முதலில் ஆட்கள். முழு வேலையையும் செய்தவர் கிடைக்கமாட்டார். ஆனால் அதன் துண்டுகளைத் தொட்டவர்கள் இருப்பார்கள். ஃபாக்ஸ்ப்ரோவைப் பராமரித்தவர், எழுத்துரு மாற்றம் தெரிந்தவர், தரவுத்தளக்காரர், சோதனையாளர், அந்தச் சங்கத்தில் தரவு உள்ளிட்ட எழுத்தர் என ஐவர் போதும். நடத்துபவர் தனி, அவர் மதிப்பீடு சொல்லக்கூடாது. ஐவருக்கும் மேலதிகாரியாக இருப்பவரும் வேண்டாம்.

அடுத்து எல்லோரும் கூடி, எது இந்த வேலையில் சேரும், எது சேராது என்று முடிவு செய்யுங்கள். அலகு, ஓர் ஆளின் ஒரு நாள் உழைப்பு. இந்தக் கூட்டத்தில் யாரும் எண்ணை வாய்விட்டுச் சொல்லக்கூடாது. ஒருவர் ‘முப்பது’ என்றால் மற்றவர்களின் கணக்கும் அதைச் சுற்றியே வரும்.

பிறகு ஒவ்வொருவரும் தனியே எண்ணையும், எதை நம்பி அதைச் சொன்னார் என்பதையும் எழுதித் தரட்டும். 20, 25, 30, 35, 90 என்று வருகிறது. சராசரி 40. அதை எடுத்துக்கொண்டு எழுந்துவிடாதீர்கள். அந்த 40-ஐ யாருமே சொல்லவில்லை. பெயரை மறைத்து, எண்களையும் காரணங்களையும் எல்லோருக்கும் வாசித்துக் காட்டுங்கள். இருபதுக்காரர், ஆயத்த மாற்றி ஒன்றே போதும் என்று எண்ணியிருக்கிறார். தொண்ணூறுக்காரர் எழுதியது இது: “எந்தப் பெயர் எந்த எழுத்துருவில் அடிக்கப்பட்டது என்று கோப்பில் குறிப்பே இல்லை. ஆளுக்கு ஓர் எழுத்துரு பயன்படுத்தினோம்.” ஒரே குறியீடு இரண்டு எழுத்துருக்களில் வேறு வேறு எழுத்தாகிவிடும் என்பதால், கண்ணால் சரிபார்க்கும் வேலை மலையாகக் குவியும். இந்த முறையில் எனக்குப் பெரிதாகப் படுவது இதுதான்: ஓரத்தில் நிற்கும் எண்ணுக்குப் பின்னால்தான் மற்றவர்களுக்குத் தெரியாத செய்தி இருக்கும்.

இங்கே அரை நாள் செலவழித்து 200 பதிவுகளை மாற்றிப் பாருங்கள். அதன் பின் இரண்டாம் சுற்று: 50, 55, 60, 60, 75. அடுத்த சுற்றிலும் எண்கள் நகராமல் நின்றால் நிறுத்தலாம். பெரும்பாலும் மூன்று சுற்றுக்குள் அது நடந்துவிடும்.

ஒருவர் எண்ணை மாற்றி, எழுதிய காரணத்தை மாற்றாமல் விட்டிருந்தால் அவர் கூட்டத்துக்குப் பணிந்துவிட்டார் என்று பொருள், தனியே கேளுங்கள். எண்கள் நெருங்கிவிட்டதாலேயே அவை சரியாகிவிடா. ராண்டின் தொடக்ககாலச் சோதனையில் 7 நிபுணர்களின் விடைகள் 50 முதல் 5,000 வரை சிதறியிருந்து, கடைசியில் 167-க்கும் 360-க்கும் இடையே வந்தன. கேள்வி, அமெரிக்க ஆயுத உற்பத்தியைக் குறிப்பிட்ட அளவுக்குக் குறைக்க எத்தனை அணுகுண்டுகள் தேவை என்பது. அந்த விடையைச் சரிபார்க்க வழியே இல்லை.

உங்களுக்கு வழி உண்டு. வாடிக்கையாளரிடம் 60 என்று மட்டும் சொல்லாமல், 50 முதல் 75 வரை என்று காரணங்களோடு எழுதிக் கொடுங்கள். தரவின் முதல் பகுதியை மாற்றி முடித்ததும், ஆன நாட்களை முன்னால் வைத்து மீதிக்கு இன்னொரு சுற்று நடத்துங்கள்.