எல்லை கடக்கும் எண்கள்

நுழையும்முன்

சொற்களை மொழிபெயர்க்கும் நாம் எண்களை அப்படியே விட்டுவிடுகிறோம். எண்கள் உலகுக்கெல்லாம் பொதுவானவை என்னும் எண்ணமே இதற்குக் காரணம். 0 முதல் 9 வரையிலான இலக்கங்கள் பொதுவானவைதாம். ஆனால், இலக்கங்களைப் பிரிக்கும் காற்புள்ளியும் அவற்றை அடுத்து நிற்கும் இலட்சம், கோடி, சென்ட் முதலிய சொற்களும் நாட்டுக்கு நாடு வேறுபடுகின்றன. நம் எண்களை வெளிநாட்டு வாசகர் பிழையின்றிப் படிக்குமாறு எழுதும் முறையை இப்பாடம் விளக்குகிறது.

ஒரு மடல், மூன்று வாசகர்

ஓர் ஊரில் நூலகக் கட்டடம் எழுப்ப ஒரு குழு முயல்கிறது. வெளிநாடுகளில் வாழும் அவ்வூர்க் குடும்பத்தினர்க்கு அக்குழு ஜூன் மாதத்தில் பின்வருமாறு மடல் விடுப்பதாகக் கொள்வோம்.

> நூலகத்திற்கென 15 சென்ட் நிலம் கிடைத்துள்ளது. 3,600 சதுர அடிக் கட்டடத்திற்கு ரூ.1.25 கோடி தேவை. இதுவரை ரூ.42,50,000 திரண்டுள்ளது. எஞ்சிய ரூ.82,50,000-ஐ 150 உறுப்பினர்கள் பகிர்ந்துகொண்டால், ஒருவர் பங்கு ரூ.55,000 ஆகும். 05/08/2025-க்குள் தங்கள் இசைவைத் தெரிவிக்க வேண்டுகிறோம்.

நமக்கு இம்மடலில் ஐயம் எதுவும் எழாது. ஆனால், இதனைப் படிப்பவர்கள் அமெரிக்காவிலும் ஜெர்மனியிலும் மலேசியாவிலும் பிறந்து வளர்ந்த அடுத்த தலைமுறையினர். அவர்கள் பள்ளியில் கற்ற எண்முறை வேறு.

அமெரிக்க வாசகர் மூன்று மூன்று இலக்கங்களாகப் பிரித்துப் படிக்கப் பழகியவர். 82,50,000 என்பதைக் கண்டதும் ஓர் இலக்கம் விடுபட்டதோ, காற்புள்ளி இடம் மாறியதோ என்று அவர் தயங்குவார். ஜெர்மனியில் தசமப் புள்ளியின் இடத்தில் காற்புள்ளியையும், ஆயிரங்களைப் பிரிக்கப் புள்ளியையும் இடுவர். ஆகவே 55,000 என்பதை ஐம்பத்தைந்து ரூபாய் என்று படிக்க அங்குள்ள வாசகருக்கு இடமுண்டு. மலேசியத் தமிழரோ மில்லியன் என்னும் சொல்லில் பழகியவர். கோடி என்பது பெருந்தொகை என்று அவர் அறிந்திருக்கலாம். அதற்கு எத்தனை சுழியம் என்பதில் ஐயம் கொள்ளலாம்.

இருவகைப் பிழைகள்

இம்மடலால் விளையும் பிழைகளை இருவகையாகப் பகுக்கலாம். முதல்வகை, தன்னைத் தானே காட்டிக்கொடுக்கும் பிழை. 82,50,000 என்னும் வடிவம் விந்தையாகத் தோன்றுவதால், படிப்பவர் எழுதியவரைக் கேட்டுத் தெளிவார். இதனால் காலம் வீணாகுமே தவிரப் பொருள் கெடாது.

இரண்டாம் வகை, தன்னை மறைத்துக்கொள்ளும் பிழை. 05/08/2025 என்பதை நாம் ஆகஸ்டு 5 என்று படிக்கிறோம். மாதத்தை முதலில் எழுதும் அமெரிக்க வழக்கில் அது மே 8. ஜூன் மாதத்தில் மடலைப் பெற்ற அமெரிக்க வாசகர் கெடு முடிந்துவிட்டது என்று எண்ணி, அதனை எடுத்து வைத்துவிடுவார். அவர் ஐயுறவும் மாட்டார், கேட்கவும் மாட்டார். தாம் தவறாகப் படித்ததை அவர் அறியார். தம் மடல் தவறாகப் படிக்கப்பட்டதைக் குழுவினரும் அறியார். நாள் 25 ஆக இருந்திருந்தால் இத்தீங்கு நேர்ந்திராது. 25 என்னும் எண்ணில் மாதம் இல்லையாதலால், அப்பிழை தன்னைக் காட்டிக்கொடுத்திருக்கும். 12-க்கு உட்பட்ட நாள்களே ஏமாற்றும்.

எனவே, வெளிநாட்டவர்க்கு எழுதும்போது, “இது அவருக்குப் புரியுமா?” என்று மட்டும் வினவுதல் போதாது. “இதனை வேறொரு வகையிலும் படிக்க இயலுமா?” என்றும் வினவுதல் வேண்டும்.

இலட்சமும் கோடியும்

இலட்சம், கோடி ஆகியவை இந்தியா, பாகிஸ்தான், வங்காளதேசம், நேபாளம், இலங்கை ஆகிய நாடுகளில் வழங்கும் சொற்கள். இலங்கைத் தமிழர் பேச்சில் இலட்சம் என்று கூறினும், அங்குள்ள அரசு அறிக்கைகளில் மில்லியன் என்னும் சொல்லே பயில்கிறது. பிற நாட்டு வாசகருக்கு மில்லியனில் எழுதுவதே தக்கது.

இலட்சத்திற்குச் சுழியம் ஐந்து; மில்லியனுக்கு ஆறு; கோடிக்கு ஏழு. மில்லியன் இவ்விரண்டின் நடுவே நிற்கிறது. ஆகையால், இலட்சக் கணக்கைப் பத்தால் வகுத்தாலும், கோடிக் கணக்கைப் பத்தால் பெருக்கினாலும் மில்லியன் கிடைக்கும். 42.5 இலட்சம் 4.25 மில்லியன் ஆகும், 1.25 கோடி 12.5 மில்லியன் ஆகும். எண்ணை மாற்றாமல் சொல்லை மட்டும் மாற்றி 1.25 மில்லியன் என எழுதிவிட்டால், தொகை பத்தில் ஒன்றாகச் சுருங்கிவிடும்.

பில்லியன் என்னும் சொல்லைக் கையாளும்போது மேலும் விழிப்பு வேண்டும். ஆங்கிலத்தில் இன்று அது ஆயிரம் மில்லியனை, அதாவது நூறு கோடியைக் குறிக்கிறது. ஜெர்மன் மொழியிலோ அதே சொல் பத்து இலட்சம் மில்லியனைக் குறிக்கும். பிரிட்டன் அரசும் 1974-இல்தான் ஆயிரம் மில்லியன் என்னும் பொருளை ஏற்றுக்கொண்டது. பல நாட்டினர் படிக்கும் எழுத்தில் “2,000 மில்லியன்” என்பது போல எழுதினால் ஐயம் எழாது என்று தோன்றும். ஆனால், அங்கும் காற்புள்ளி குறுக்கிடுகிறது.

இதற்கும் வழியுண்டு. எடைகளுக்கும் அளவுகளுக்குமான பன்னாட்டுப் பொது மாநாடு, தசமக் குறியாகப் புள்ளியையோ காற்புள்ளியையோ கொள்ளலாம் என்றும், இலக்கங்களை மும்மூன்றாகப் பிரிக்க அவ்விரண்டையும் இடாமல் சிறு இடைவெளி விடலாம் என்றும் 2003-இல் தீர்மானித்தது. அதன்படி 82,50,000 என்பது 8 250 000 என்றாகிறது. இதனை எந்நாட்டவரும் ஒரே வகையில்தான் படிப்பர். வரியின் இறுதியில் எண் இரண்டாகப் பிளவுபடாமல் பார்த்துக்கொள்ளுதல் வேண்டும்.

தசமப் புள்ளிக்குப்பின் சரியாக மூன்று இலக்கங்கள் வராமல் எழுதுவதும் நல்லது. 8.250 மில்லியன் என்றால், புள்ளியை ஆயிரப் பிரிப்பாகக் கொள்வோர் அதனை எட்டாயிரத்து இருநூற்றைம்பது மில்லியன் என்று மயங்குவர். 8.25 மில்லியன் என்றால் அம்மயக்கத்திற்கு இடமில்லை.

எந்த நாட்டு ரூபாய்?

ரூபாய் என்னும் பெயர் இந்தியாவுக்கு மட்டும் உரியதன்று. பாகிஸ்தான், இலங்கை, நேபாளம், மொரீசியசு ஆகிய நாடுகளிலும் நாணயத்தின் பெயர் ரூபாயே, மதிப்பு வேறு. டாலரும் அத்தகையதே. அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, சிங்கப்பூர் ஆகியவை தத்தமக்குத் தனி டாலர் கொண்டுள்ளன. 2010-இல் ஏற்கப்பட்ட ₹ என்னும் குறி இந்திய ரூபாயையே சுட்டுகிறது. எனினும் வெளிநாட்டார் அனைவரும் அதனை அறிந்திருப்பர் என்று கொள்ள இயலாது. வங்கிகள் பயன்படுத்தும் மூன்றெழுத்துக் குறியீடு இவ்விடத்தில் கைகொடுக்கும். இந்திய ரூபாய்க்கு INR, இலங்கை ரூபாய்க்கு LKR, சிங்கப்பூர் டாலருக்கு SGD என்று குறித்தால் மயக்கம் நீங்கும்.

தொகையை வாசகரின் நாணயத்திலும் காட்ட விரும்பினால், கணக்கிட்ட மாற்று வீதத்தையும் நாளையும் சேர்த்து எழுதுதல் வேண்டும். வீதம் நாள்தோறும் மாறுவதால், நாள் குறிக்கப்படாத தொகை சில திங்களில் பொய்யாகிவிடும். செலுத்தவேண்டிய தொகை எந்த நாணயத்தில் என்பதையும் தெளிவுபடுத்துதல் வேண்டும்.

அளவுகளை மாற்றுதல்

நிலம் வாங்குவோர் நாவில் நாளும் வழங்கும் சென்ட், வெளிநாட்டவர் பலருக்குச் சில்லறைக் காசின் பெயர். ஒரு சென்ட் ஏக்கரில் நூறில் ஒரு பங்கு, ஏறத்தாழ 40.5 சதுர மீட்டர். எனவே 15 சென்ட் ஏறத்தாழ 607 சதுர மீட்டர் ஆகும். 3 600 சதுர அடியை 0.0929 ஆல் பெருக்கினால் 334 சதுர மீட்டர் வரும்.

மாற்றும்போது மூல எண்ணில் இல்லாத நுட்பத்தைப் புகுத்தலாகாது. “சுமார் ஓர் ஏக்கர்” என்பதை “சுமார் 0.4 ஹெக்டேர்” என்று எழுதுவதே முறை. “0.4047 ஹெக்டேர்” என்று எழுதினால், நிலத்தை அளந்து பார்த்ததாகவே வாசகர் நம்பிவிடுவார்.

> தெரியுமா?
> அணைகளின் நீர் இருப்பைக் குறிக்கும் ‘டி.எம்.சி.’ என்பது ஆயிரம் மில்லியன் கன அடி. மேட்டூர் அணையின் முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. வெளிநாட்டு வாசகருக்கு இதனை ஏறத்தாழ 2 650 மில்லியன் கன மீட்டர் என்று எழுதலாம்.

திருத்திய மடல்

இவ்விதிகளின்படி அம்மடலை மாற்றி எழுதினால் பின்வருமாறு அமையும்.

> நூலகத்திற்கென ஏறத்தாழ 607 சதுர மீட்டர் (15 சென்ட்) நிலம் கிடைத்துள்ளது. 334 சதுர மீட்டர் (3 600 சதுர அடி) கட்டடத்திற்கு 12.5 மில்லியன் இந்திய ரூபாய் (INR 12 500 000) தேவை. இதுவரை 4.25 மில்லியன் (INR 4 250 000) திரண்டுள்ளது. எஞ்சிய 8.25 மில்லியனை (INR 8 250 000) 150 உறுப்பினர்கள் பகிர்ந்துகொண்டால், ஒருவர் பங்கு ஐம்பத்தைந்தாயிரம் இந்திய ரூபாய் (INR 55 000) ஆகும். 2025 ஆகஸ்டு 5-ஆம் நாளுக்குள் தங்கள் இசைவைத் தெரிவிக்க வேண்டுகிறோம்.

ஒவ்வொரு தொகையும் இங்குச் சொல்லாலும் இலக்கத்தாலும் இருமுறை கூறப்பட்டுள்ளது. ஒன்றில் பிழை நேர்ந்தால் மற்றொன்று காட்டிக்கொடுக்கும். மாதம் பெயரால் எழுதப்பட்டமையால் நாளும் மாதமும் இடம் மாறா. சென்ட், சதுர அடி ஆகியவை அடைப்புக்குறிக்குள் எஞ்சி நிற்கின்றன. பத்திரத்தோடும் வரைபடத்தோடும் ஒப்பிட விழைவோர்க்கு அவை வேண்டும்.

சரிபார்த்தல்

மாற்றிய எண்ணை இருவழிகளில் சோதிக்கலாம். கிடைத்த விடையை மீண்டும் மூல வடிவிற்கு மாற்றிப் பார்ப்பது ஒன்று. மற்றொன்று, தெரிந்த ஒரு மதிப்போடு ஒப்பிடுவது. மொத்தச் செலவைக் கட்டடப் பரப்பால் வகுத்தால், சதுர அடிக்கு ஏறத்தாழ 3 470 ரூபாய் வருகிறது. தவறுதலாக 1.25 மில்லியன் என எழுதியிருந்தால் அது 347 ரூபாயாகும். அத்தொகைக்குக் கட்டடம் எழுப்ப இயலாது என்பதை ஊர்க் கொத்தனாரே சொல்லிவிடுவார்.

இம்மாற்றங்கள் யாவும் வெளிநாட்டு வாசகர் பொருட்டே. ஊர்ப் பலகையில் அதே கணக்கை 12.5 மில்லியன் என்று எழுதினால், அங்கே தயங்குபவர் நம் ஊராராக இருப்பர்.

கற்பவை கற்றபின்…

1. “ரூ.3,75,000” என்னும் தொகையை அமெரிக்க, ஜெர்மானிய வாசகர் எவ்வாறு படிக்கக்கூடும்? இருவருக்கும் பொருந்துமாறு எழுதுக.
2. 06/07/2025, 26/07/2025 ஆகியவற்றுள் மறைந்து நிற்கும் பிழைக்கு இடந்தருவது எது? காரணம் கூறுக.
3. நாளிதழில் இலட்சம், கோடி, ஏக்கர் ஆகியவை இடம்பெற்ற செய்தி ஒன்றைத் தேர்ந்து, மலேசியாவில் வாழும் உறவினர்க்கு மடலாக எழுதுக.