இசைத்தட்டின் விளிம்பிலும் அசையாத குற்றி

கேள்வி: உயர்தரத்தில் இணைந்த கணிதம் படிக்கிறேன். சுழலும் தட்டில் வைத்த நாணயம் வழுக்காமல் இருக்கக்கூடிய அதிகூடிய தூரத்தைக் கேட்கும் கணக்கை, அப்பப்பாவின் பழைய இசைத்தட்டுப் பெட்டியில் செய்து பார்த்தேன். உராய்வுக் குணகம் 0.3 என்று எடுத்தால் 33⅓ வேகத்தில் 24 சென்ரிமீற்றர் வருகிறது. ஆனால் தட்டின் விளிம்பு வரை வைத்தும் பத்து ரூபாய்க் குற்றி அசையவே இல்லை. என் கணக்குப் பிழையா?
— மாணவி, ஓமந்தை

பதில்: கணக்குச் சரி, மகள். பெரிய இசைத்தட்டின் ஆரையே ஏறத்தாழ 15 சென்ரிமீற்றர்தான். 24-இல் வழுக்க வேண்டிய குற்றிக்கு 15-இல் அசைய எந்தக் காரணமும் இல்லை. நீங்கள் கண்டது உங்கள் விடையை மறுக்கவில்லை. வழுக்கும் இடம் தட்டுக்கு வெளியே கிடக்கிறது, அவ்வளவுதான்.

குற்றி தட்டோடு சேர்ந்து வட்டமாகப் போக வேண்டுமென்றால், அதை மையத்தை நோக்கி ஏதோ ஒன்று இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். இங்கே அந்த மையநாட்ட விசையைத் தர உராய்வைத் தவிர வேறு ஆள் இல்லை. மையத்திலிருந்து தள்ளித் தள்ளி வைக்கத் தேவைப்படும் விசை கூடுகிறது. உராய்வு தரக்கூடியதோ ஓர் எல்லையோடு நின்றுவிடுகிறது. இரண்டும் சமமாகும் இடம்தான் உங்கள் விடை:

r = μg/ω²

இதில் திணிவு இல்லை. ஒரு குற்றிக்கு மேல் இன்னொன்றை ஒட்டி வைத்தாலும் தூரம் மாறாது. ஆனால் வேகம் வர்க்கமாக நிற்கிறது. ஆகவே பெட்டியின் குமிழை 45-க்குத் திருப்புங்கள். நிமிடத்துக்கு 45 சுற்று என்றால் கோணவேகம் செக்கனுக்கு 4.71 ரேடியன், அதன் வர்க்கம் 22.2. μ 0.3 என்றால் 2.94-ஐ 22.2-ஆல் வகுக்க 0.132 மீற்றர், அதாவது 13.2 சென்ரிமீற்றர். இது தட்டுக்குள்ளேயே விழுகிறது, கண்ணால் பார்க்கலாம்.

அதற்கு முன் 0.3 என்ற எண்ணைப் புத்தகத்திடமிருந்து கடன் வாங்காதீர்கள். கீறல் விழுந்த ஒரு பழைய தட்டைப் பலகையில் ஒட்டி, அதன்மேல் அதே குற்றியை வைத்துப் பலகையின் ஒரு முனையை மெல்ல மெல்ல உயர்த்துங்கள். குற்றி நழுவத் தொடங்கும் கணத்தில் முனையின் உயரத்தை அளந்து, தரையோடு கிடையாக அளந்த தூரத்தால் வகுங்கள். கிடை 40, உயரம் 12 என்றால் 0.3. பலகையின் நீளத்தால் வகுப்பது பலர் விடும் பிழை. பெட்டியின் இறப்பர் விரிப்பின் மேல் குற்றியை வைத்தால் குணகம் இதைவிட நன்றாகக் கூடிவிடும். 45-இலும் அது அசையாமல் இருந்துவிடலாம்.

வேகத்தையும் நம்பிவிடாதீர்கள். பழைய பெட்டியில் பட்டி தளர்ந்திருக்கும். தட்டின் ஓரத்தில் சோக்கட்டியால் ஒரு புள்ளி வைத்து ஒரு நிமிடம் எண்ணுங்கள். 45-க்குப் பதில் 43 வந்தால், 13.2 என்பது 14.5 ஆகிவிடும். இரண்டு சுற்று குறைந்ததற்கு ஒரு சென்ரிமீற்றருக்கு மேல் வித்தியாசம்!

இனி குற்றியின் ஓரத்தை அல்ல, அதன் நடுவை அளந்து 11-இல் வையுங்கள். பெட்டியைப் போட்டு, தட்டு முழு வேகம் பிடித்துச் சில சுற்றுகள் போகவிட்டுப் பாருங்கள். நிறுத்தி, அரைச் சென்ரிமீற்றர் தள்ளி வைத்துத் திரும்பவும் போடுங்கள். தட்டைக் கையால் வெடுக்கென்று சுழற்றக்கூடாது. அப்போது வேகத்தைக் கூட்டும் வேலையும் உராய்வின் தலையில் விழும். குற்றி முன்னதாகவே வழுக்கும். ஒருமுறை வழுக்கிவிட்டால் அது இடையில் நிற்காது. வெளியே போகப் போகத் தேவை கூடுகிறது, நழுவும்போது உராய்வும் சற்றுக் குறைகிறது. நேரே விளிம்பைத் தாண்டிவிடும்.

ஒன்றைக் கவனியுங்கள். ஒவ்வொரு முறையும் குற்றி அறையின் ஒரே பக்கத்தில், சாளரப் பக்கம் என்று வையுங்களேன், வழுக்கத் தொடங்கினால் மேசை அந்தப் பக்கம் சரிந்திருக்கிறது. ஒரு பாகைச் சரிவே 13.2-ஐ 12.5 ஆக்கிவிடும். மேசைக் காலுக்குக் கீழே மடித்த கடதாசி வைத்து மட்டம் பாருங்கள்.

உங்கள் பெட்டியில் 78 வேகமும் இருந்தால் அதையும் போடுங்கள். 78-ஐ 45-ஆல் வகுத்து வர்க்கித்தால் ஏறக்குறைய சரியாக 3 வரும். ஆகவே μ என்னவாக இருந்தாலும் தூரம் மூன்றில் ஒன்றாகக் குறைய வேண்டும்; μ 0.3 என்றால் 4.4 சென்ரிமீற்றர். ஆனால் அப்படி வராமல் போகலாம். ஏனென்றால் பெரிய தட்டின் நடுவே ஒட்டியிருக்கும் கடதாசி வட்டம் மையத்திலிருந்து 5 சென்ரிமீற்றர் வரை இருக்கும், 4.4-இல் குற்றி கடதாசியின் மேல் கிடக்கும், அதன் உராய்வு வேறு. தட்டு முழுவதையும் மூடும்படி அட்டையில் ஒரு வட்டம் வெட்டி, நடுவில் துளையிட்டு மேலே ஒட்டுங்கள். பலகைச் சோதனையை அதே அட்டையில் திரும்பச் செய்துவிட்டு, இரண்டு வேகத்திலும் தூரத்தை அளந்து எனக்கு எழுதுங்கள்.