ஏரி வரைபடத்துல எத்தனை குறி வைக்கலாம்?

தங்கச்சி, கோட்டூர்புரம் அசோசியேஷன் கூட்டத்துக்கு நீ போட்ட ஏரி வரைபடத்தைப் பார்த்தேன். குடிநீர் வாரியம் தினமும் வெளியிடுற இருப்பை 2015-லேர்ந்து 2023 வரைக்கும் சேர்த்து வரைஞ்சிருக்கே. ஆனா புயலுக்குப் புயல் ஒரு சிவப்புக் கோடு, பக்கத்துல சாய்வா ஒரு பேரு. தண்ணி எங்கே ஏறுது, எங்கே இறங்குதுன்னு தெரியவே இல்லை.

முதல்ல வர்தாவை எடுத்துடு. 2016 டிசம்பர் 12 நம்ம தெருவுல மரமெல்லாம் விழுந்த நாள்தான். ஆனா அந்த வருஷம் வடகிழக்குப் பருவமழையே பொய்த்துப்போச்சு. அங்கே குறி வெச்சா, பார்க்கிறவங்க ஏரி நிரம்பியிருக்கும்னு நினைப்பாங்க. கோடோ கீழே கிடக்கும். குறி வெச்சாலே அதுதான் காரணம்னு சொன்ன மாதிரி. கோடு திரும்புற இடத்தை விளக்காத நிகழ்ச்சிக்குக் குறி வேண்டாம். 2015 டிசம்பர் 1 இருக்கட்டும். செம்பரம்பாக்கத்துலேர்ந்து, அரசுக் கணக்குப்படி, விநாடிக்கு 29,000 கன அடி வரைக்கும் அடையாத்துல திறந்துவிட்ட நாள் அது.

2019 வறட்சி ஒரு நாள் சமாச்சாரம் இல்லை, மாசக்கணக்கா நீடிச்சது. அதுக்குச் செங்குத்துக் கோடு போடாதே. அந்தக் காலத்துக்குப் பின்னாடி வெளிர் சாம்பல் பட்டை போடு. ஜூலையில ஜோலார்பேட்டையிலேர்ந்து ரயில்ல தண்ணி வந்தது அந்த வறட்சியோட விளைவு. அதைப் படத்துக்குக் கீழே ஒரு வரியா எழுதினாப் போதும்.

மிச்சமிருக்கிற குறிகளை மெல்லிய சாம்பல் கோடா, தண்ணிக் கோட்டுக்குப் பின்னாடி தள்ளு. படத்துக்குள்ள பேரு எழுதாம, சட்டத்துக்கு மேலே 1, 2-ன்னு எண் மட்டும் போட்டு, விளக்கத்தைக் கீழே கொடு. பைத்தான்ல இப்படி. s, e பட்டையோட தொடக்கமும் முடிவும், d குறியோட தேதி:

```python
ax.axvspan(s, e, color="0.92", zorder=0)
ax.axvline(d, color="0.7", lw=0.8, zorder=0)
ax.text(d, 1.01, "1", ha="center",
        transform=ax.get_xaxis_transform())
```

ax.text-ல வர்ற 1.01-ங்கிறது சட்டத்தோட உயரத்தை வெச்சுக் கணக்கு. அதனால தண்ணி அளவு எவ்வளவு மாறினாலும் எண் இடம் மாறாது.

அடுத்தது மேலே இருக்கிற படுக்கைக் கோடு. நீ 11,757 மில்லியன் கன அடின்னு ஒரே நேர்கோடா இழுத்திருக்கே, அது தப்பு. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நாலும் சேர்த்து 11,257தான். கண்ணன்கோட்டை தேர்வாய்கண்டிகை ஏரியோட 500 சேர்ந்தது 2020 நவம்பர்ல. கோடு அங்கே ஒரு படி ஏறணும். வீராணத்தையும் கூட்டுற செய்திகள்ல 13,222-ன்னு வரும். இருப்புல வீராணம் இல்லைன்னா அந்த எண்ணை எடுக்காதே.

அந்தக் கோட்டுக்கு "இலக்கு"ன்னு பேரு வேண்டாம், "முழுக் கொள்ளளவு"ன்னு வலது ஓரத்துல, கோட்டு நிறத்துலேயே எழுது. மழைக்காலத்துல ஏரியைப் பெரும்பாலும் விளிம்பு வரைக்கும் நிரப்ப மாட்டாங்க. நிவர் புயல் வந்த 2020 நவம்பர் 25 அன்னிக்கு, 24 அடி செம்பரம்பாக்கத்தை 22 அடியிலேயே திறந்தாங்க. இலக்குன்னு எழுதினா, வெள்ளத்துக்கு இடம் வெச்சதைக் குறைன்னு படிச்சுடுவாங்க.

வாட்ஸ்அப்புல போடுறதுக்கு முன்னாடி போன் திரையில ஒருதடவை பாரு. ரெண்டு எண் ஒட்டிக்கிட்டுத் தெரிஞ்சா, அதுல ஒண்ணை எடுத்துடு.