பாடல் எது? உரை எது?

பழைய திருக்குறள் பதிப்பு ஒன்றின் பக்கத்தைக் கைப்பேசியில் படம் பிடித்து, அதைப் பார்த்துக் கணினியில் தட்டச்சுச் செய்வதாகக் கொள்வோம். அந்தப் பக்கத்தில் இருவரின் சொற்கள் உள்ளன. பெரிய எழுத்தில் இருப்பவை திருவள்ளுவர் இயற்றியவை. அவற்றின் கீழே சிறிய எழுத்தில் இருப்பவை, பல நூற்றாண்டுகளுக்குப் பின் வாழ்ந்த பரிமேலழகர் எழுதியவை. அச்சில் எழுத்தின் அளவே இருவரையும் பிரித்துக் காட்டிவிடும். தட்டச்சு செய்யும்போதோ எல்லா எழுத்துகளும் ஒரே அளவில் அமையும். அங்கே எல்லையைத் தவறவிட்டால், உரையாசிரியரின் சொல் வள்ளுவரின் வாக்காக மாறிவிடும்.

மாணவி ஒருத்தி செய்ந்நன்றி அறிதல் என்னும் அதிகாரத்தின் கடைசிப் பக்கத்தைப் படி எடுத்தாள். பக்கத்தின் மேலே இருந்த முதல் நான்கு வரிகளைக் கண்டதும் அவற்றை 109ஆம் குறளின் உரை என்று எண்ணினாள். உண்மையில் அவை முந்தைய பக்கத்திலிருந்து தொடர்ந்து வந்த 108ஆம் குறளின் உரையாகும். ஆகவே, மேலிருந்து கீழாக உடனே தட்டச்சுச் செய்யத் தொடங்கக் கூடாது. முதலில் குறள் எண்களைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். படத்தை அச்சிட்டு, குறளின் ஓரத்தில் ‘பா’ என்றும் உரையின் ஓரத்தில் ‘உ’ என்றும் பென்சிலால் குறித்துக்கொள்ளலாம். பல பதிப்புகளில் ‘இதன் பொருள்’ என்னும் தொடரோ, அதன் சுருக்கமான ‘இ-ள்’ என்பதோ உரை தொடங்கும் இடத்தைக் காட்டும்.

எண்களையும் கவனித்துப் பார்க்க வேண்டும். 110ஆம் குறளின் உரையில் புறநானூற்றின் 34ஆம் பாடலில் வரும் கருத்து எடுத்தாளப்படுகிறது. பதிப்பாசிரியர்கள் அதனை அடைப்புக்குறிக்குள் ‘புறநா. 34’ என்று குறிப்பதுண்டு. அந்த 34 குறள் எண் அன்று. மேற்கோளும் அதன் எண்ணும் உரையின் பகுதிகளே.

அந்த மாணவிக்குப் பெரிய சிக்கல் 110ஆம் குறளில் ஏற்பட்டது. அது இடப்பக்கத் தாள். வரிகளின் முடிவு நூலின் நடுமடிப்பை ஒட்டியிருந்ததால், குறளின் முதலடியில் இருந்த கடைசிச் சீர் நிழலில் மறைந்துவிட்டது. உரையில் குறளின் சொற்கள் எல்லாம் மீண்டும் வருவதை அவள் கண்டாள். விடுபட்ட சொல்லை அங்கிருந்தே எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள். உரையில் அது வாக்கியத்தின் இறுதியில், இரு சொற்களாகப் பிரிந்து நின்றது. அவளும் அவ்வாறே இரண்டாம் அடியின் இறுதியில் சேர்த்துவிட்டாள்.

பரிமேலழகர் குறளின் சொற்களைச் சந்தி பிரித்து எழுதுகிறார். பொருள் தெளிவாக விளங்கும்படி வரிசையையும் மாற்றிக்கொள்கிறார். உரைக்கு அது முறைதான். ஆனால் உரையைப் பார்த்துக் குறளை நிரப்பினால் செய்யுளின் அமைப்பு குலைந்துவிடும்.

இத்தகைய பிழையைச் சீர்களை எண்ணிக் கண்டறியலாம். குறள் வெண்பாவின் முதலடியில் நான்கு சீர்கள், இரண்டாம் அடியில் மூன்று சீர்கள், ஆக மொத்தம் ஏழு சீர்கள் இருக்கும். அவள் எண்ணிப் பார்த்தபோது முதலடியில் மூன்றும் இரண்டாம் அடியில் ஐந்தும் இருந்தன. எட்டு என்னும் தொகையைக் கண்டதுமே எங்கோ தவறு நேர்ந்திருப்பது அவளுக்குப் புரிந்தது. நூலின் நடுமடிப்பை மெல்ல அழுத்திப் பிடித்து, பக்கவாட்டிலிருந்து ஒளி விழும்படி மீண்டும் படம் எடுத்தாள். மறைந்திருந்த சீர் முதலடியின் இறுதியில், சந்தி பிரியாமல் ஒரே சீராகத் தெரிந்தது. நான்கும் மூன்றும் சரியாக அமைந்தன.

மறுபடம் எடுக்க முடியாத நிலையில், உரையின் துணையோடு சொல்லை நிரப்பலாம். அப்போது அச்சொல்லைச் சதுர அடைப்புக்குறிக்குள் இட்டு, ‘உரையிலிருந்து பெறப்பட்டது’ என்று குறிப்பு எழுத வேண்டும். அந்தக் குறிப்பு இருந்தால்தான், பின்னர் படிப்பவர் தாளில் கண்டதையும் நாம் ஊகித்ததையும் வேறுபடுத்தி அறிவார்.

சீர் எண்ணிக்கை எல்லாப் பிழைகளையும் காட்டிவிடாது. லகரத்திற்குப் பதிலாக ளகரம் விழுந்தாலும் சீர்கள் ஏழாகவே இருக்கும். எனவே, ஒருவர் படத்தைப் பார்த்து எழுத்தெழுத்தாக வாசிக்க, மற்றொருவர் தட்டச்சுப் படியைச் சரிபார்க்க வேண்டும். ஓர் அதிகாரம் முடிந்ததும் குறள்களை எண்ணிப் பார்ப்பதும் நல்லது. பத்துக்கு மேல் ஒன்று கூடியிருந்தால், உரையில் வந்த மேற்கோள் ஒன்று குறளின் இடத்தில் புகுந்திருக்கக்கூடும். ஒன்று குறைந்திருந்தால், ஒரு குறள் உரைக்குள் மறைந்துபோயிருக்கக்கூடும்.