மரண வாக்குமூலம்

நுழையும்முன்

இறந்தவர், தம் இறப்பின் காரணம் குறித்து உயிரோடிருந்தபோது கூறியது நீதிமன்றத்தில் சான்றாகும். அதனை அப்படியே நம்பலாமா?

வாய்மொழித் தேர்வு அறைக்கு வெளியே மலர்விழி காத்திருந்தாள். அவளுக்குமுன் இன்னும் ஒருவரே. அவள் மனமோ முந்தைய இரவுக்குச் சென்றது.

பூக்கட்டிக்கொண்டிருந்த அம்மாவிடம் அவள் ஒப்பித்தாள்: "சாகும் தறுவாயில் ஒருவர் பொய் கூறமாட்டார் என்பதே இவ்விதியின் அடிப்படை. நம்பத்தக்கதாயின், அந்த வாக்குமூலம் ஒன்றே தண்டனைக்குப் போதும். 1957இல் குஷால் ராவ் வழக்கில் உச்சநீதிமன்றம் அவ்வாறு கூறியது."

அம்மாவின் விரல்கள் நின்றன.

"உன் சித்தி, 'அடுப்பு வெடிச்சிருச்சு'ன்னுதான் போலீசுகிட்ட சொன்னா. அப்ப கட்டில் பக்கத்துல அவ புருஷன் நின்னான். மறுநாள் என் காதுல வேற சொன்னா. பயந்துபோய் நான் யாருகிட்டயும் சொல்லல. எதை நம்பும் உன் கோர்ட்டு?"

மலர்விழி விடியும்வரை நூல்களைப் புரட்டினாள். உறவினரிடம் கூறியதும் மரண வாக்குமூலமே. இரண்டு முரண்பட்டால், எது பிந்தியது என்பது மட்டும் போதாது. அருகில் இருந்தவர் யார், பிறர் சொல்லிக்கொடுத்தனரா, சொன்னவர் தெளிந்த மனநிலையில் இருந்தாரா, பிற சான்றுகளோடு பொருந்துகிறதா என்றெல்லாம் நீதிமன்றம் ஆராயும். ஆனால், சொல்லப்படாத வாக்குமூலத்தை எந்த நீதிமன்றமும் ஆராய இயலாது.

கதவு திறந்தது. உள்ளே சென்று அமர்ந்தாள்.

"சாகப்போகிறவர் பொய் கூறுவாரா?" எனத் தேர்வாளர் வினவினார்.

"கூறலாம் ஐயா. அப்போது அருகில் நின்றவர் யார் என்பதை முதலில் கேட்க வேண்டும்."