சராசரியும் பரவற்படியும்: ஈருறுப்புப் பரவல், பாய்சான் பரவல்

நிகழ்தகவுத் தேர்வில் ஒரு பரவலின் முழு விவரமும் தரப்படுவதில்லை. பெரும்பாலான வினாக்களில் சராசரி, பரவற்படி ஆகிய இரண்டு எண்கள் மட்டுமே இருக்கும். அவ்விரு எண்களும் ஒன்றோடொன்று கொண்டுள்ள உறவை அறிந்தவர்க்கு, எந்தப் பரவல் பொருந்தும் என்பதும் விடை சரியா என்பதும் விளங்கிவிடும்.

ஈருறுப்புப் பரவல்

ஒன்றையொன்று சாராத n முயற்சிகளில், ஒவ்வொரு முயற்சியிலும் வெற்றிக்கான நிகழ்தகவு p எனவும் தோல்விக்கான நிகழ்தகவு q எனவும் கொள்க. இங்கு q = 1 − p ஆகும். வெற்றிகளின் எண்ணிக்கை X எனில்,

சராசரி = np
பரவற்படி = npq

பரவற்படியைச் சராசரியால் வகுத்தால் q கிடைக்கும். p, q இரண்டும் சுழியமாக இல்லாத நிலையில் q ஒன்றைவிடச் சிறியது. ஆகவே, ஈருறுப்புப் பரவலில் பரவற்படி எப்போதும் சராசரியைவிடக் குறைவாகவே இருக்கும். சராசரி 4, பரவற்படி 5 என ஒரு வினா கூறுமாயின் q = 1.25 ஆகிறது. நிகழ்தகவு ஒன்றை மீற இயலாது. எனவே அக்கூற்று தவறானது.

எடுத்துக்காட்டு 1

ஓர் ஈருறுப்புப் பரவலின் சராசரி 6, திட்ட விலக்கம் 2 எனில், n, p ஆகியவற்றைக் காண்க.

தீர்வு: பரவற்படி என்பது திட்ட விலக்கத்தின் வர்க்கம். எனவே,

np = 6, npq = 4
q = 4/6 = 2/3, p = 1/3
n = 6 ÷ (1/3) = 18

இவ்வினாவில் மாணவர் தவறும் இடம் ஒன்று உண்டு. திட்ட விலக்கமாகிய 2-ஐயே பரவற்படி எனக் கொண்டால் q = 1/3, p = 2/3, n = 9 என வரும். n முழு எண்ணாகவும் p ஒன்றுக்குக் குறைவாகவும் அமைவதால், இத்தவறான விடை தன்னைக் காட்டிக்கொடுக்காது. விடையைச் சரிபார்க்க, √(npq) கணக்கிட்டு அதனை வினாவில் உள்ள திட்ட விலக்கத்தோடு ஒப்பிட வேண்டும். தவறான விடையில் √(9 × 2/3 × 1/3) = √2 என வருவதால் பிழை வெளிப்படும்.

பாய்சான் பரவல்

முயற்சிகளின் எண்ணிக்கை n மிகப் பெரிதாகவும் p மிகச் சிறிதாகவும் இருந்து, np = λ மாறாமல் நிற்கும்போது, q ஒன்றை நெருங்குகிறது. அப்போது npq-வும் np-யும் ஏறக்குறையச் சமமாகின்றன. இந்த எல்லை நிலையே பாய்சான் பரவல் ஆகும்.

P(X = x) = e^(−λ) λ^x / x!, x = 0, 1, 2, …

இதன் சராசரியும் λ, பரவற்படியும் λ.

எடுத்துக்காட்டு 2

பிரஷ்யக் குதிரைப்படையில் குதிரை உதைத்து இறந்த வீரர்களின் எண்ணிக்கையை லாடிஸ்லாஸ் போர்ட்கீவிச் 1898-இல் வெளியிட்ட நூலில் ஆராய்ந்தார். அமைப்பில் வேறுபட்ட 4 படைப்பிரிவுகளை நீக்கிய பின், 10 படைப்பிரிவுகளின் 20 ஆண்டுப் பதிவுகள், அதாவது 200 பதிவுகள், பின்வருமாறு அமைந்தன.

| ஓராண்டில் இறப்புகள் (x) | 0 | 1 | 2 | 3 | 4 |
|---|---|---|---|---|---|
| பதிவுகள் (f) | 109 | 65 | 22 | 3 | 1 |

இத்தரவுக்குப் பாய்சான் பரவல் பொருந்துமா?

தீர்வு:
Σfx = 65 + 44 + 9 + 4 = 122; சராசரி = 122/200 = 0.61
Σfx² = 65 + 88 + 27 + 16 = 196
பரவற்படி = 196/200 − (0.61)² = 0.98 − 0.3721 = 0.6079

இரண்டும் ஏறக்குறையச் சமம். எனவே λ = 0.61 எனக் கொள்ளலாம். e^(−0.61) = 0.5434 ஆதலால், இறப்பே நிகழாத பதிவுகள் 200 × 0.5434 ≈ 109. இம்முறையே 1, 2, 3, 4 இறப்புகளுக்கு முறையே 66, 20, 4, 1 எனக் கிடைக்கும். இவை உண்மைப் பதிவுகளை நெருங்கி நிற்கின்றன.

படைப்பிரிவில் வீரர் பலர். ஒருவர் உதைபட்டு இறக்கும் வாய்ப்போ மிகச் சிறிது. n பெரிதாகவும் p சிறிதாகவும் இருக்கும் நிலை இதுவே.

சராசரியும் பரவற்படியும் சமமாக இருப்பது மட்டுமே பாய்சான் பரவலை நிறுவிவிடாது. அலைவெண்களையும் ஒப்பிடல் வேண்டும். ஆனால் தரவின் பரவற்படி சராசரியை வெகுவாக மிஞ்சினால், நிகழ்ச்சிகள் ஒன்றையொன்று சார்ந்துள்ளன அல்லது λ எங்கும் ஒரே அளவில் இல்லை என ஐயுற வேண்டும். வேறுபட்ட அமைப்புடைய படைப்பிரிவுகளை ஒன்றாகக் கலந்து கணக்கிடாமைக்குக் காரணம் இதுவே.

பயிற்சி

1. ஓர் ஈருறுப்புப் பரவலின் சராசரி 3, பரவற்படி 4. இக்கூற்றை ஆராய்க.
2. ஓர் ஈருறுப்புப் பரவலின் சராசரி 12, திட்ட விலக்கம் 3 எனில் n, p காண்க. 3-ஐப் பரவற்படியாகக் கொண்டால் விடை எவ்வாறு மாறும்?
3. ஒரு பாய்சான் மாறிக்கு P(X = 1) = P(X = 2) எனில், அதன் சராசரியையும் பரவற்படியையும் காண்க.